மாத்திரை அட்டையின் முதுகில்

டோம்பிவிலியில் மழை பிடித்துவிட்டால் மெடிக்கல் கடைகளில் அதிகம் கேட்கும் பேச்சு, "ஜலதோஷத்துக்கு நாலு மாத்திரை கொடுங்க" என்பதுதான். கடைக்காரர் அட்டையிலிருந்து நாலை மட்டும் கத்தரித்துக் கொடுப்பார். பத்து மாத்திரை அட்டையில் ‘தூக்கம் வரலாம், வாகனம் ஓட்டாதீர்கள், இயந்திரம் இயக்காதீர்கள்’ என்ற வரி பொடி எழுத்தில், அதுவும் ஆங்கிலத்தில், ஒரு மூலையில் இருக்கும். நம் கைக்கு வரும் துண்டில் அது இருக்குமா என்பது கத்தரிக்கோல் போகும் திசையைப் பொறுத்தது.

ஆகவே வாங்கும்போதே முழு அட்டையையும் வாங்கித் திருப்பிப் பாருங்கள். நம் ஊர் ஜலதோஷ மாத்திரையில் பெரும்பாலும் மூன்று மருந்துகள் சேர்ந்திருக்கும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், மூக்கடைப்புக்கு ஃபினைலெஃப்ரின், மூன்றாவதாக மூக்கொழுகலை நிறுத்தக் குளோர்ஃபெனிரமைன். தூக்கத்துக்குக் காரணம் இந்த மூன்றாவதுதான். 2 மில்லிகிராமோ 4 மில்லிகிராமோதான் இருக்கும். 500 மில்லிகிராம் பாராசிட்டமால் பக்கத்தில் அது கண்ணுக்கே படாது. மூளையை விழிப்பாக வைத்திருக்கும் பொருள்களில் ஹிஸ்டமின் ஒன்று. குளோர்ஃபெனிரமைன் மூளைக்குள் நுழைந்து அந்த ஹிஸ்டமினின் வேலையைத் தடுத்துவிடுகிறது.

"ராத்திரிதானே போட்டேன், காலையில் சரியாகிவிடும்" என்று பலரும் நினைக்கிறார்கள். எம்.ஐ.டி.சி.யில் பிரஸ் மெஷின் ஓட்டும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இரவு 10 மணிக்கு ஒரு மாத்திரை போடுகிறார். காலை 6 மணிக்கு எழுந்து, பைக் எடுத்து, 7 மணி ஷிஃப்டுக்குப் போகிறார். பெரியவர்கள் உடம்பில் குளோர்ஃபெனிரமைன் பாதியாகக் குறையச் சராசரியாக 20 மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் இது நிறையவே மாறும். அந்தக் கணக்குப்படி காலை 6 மணிக்கு ஏறக்குறைய முக்கால் பங்கு மருந்து இன்னும் உடம்பில் இருக்கும். அவரே ஒரு நாளைக்கு மூன்று வேளை போட்டிருந்தால், பழையது கரைவதற்குள் புதியது சேர்ந்துகொண்டே போகும்.

"எனக்குத் தூக்கமே வரவில்லையே, வந்தால் நிறுத்திவிடுகிறேன்" என்பார் அவர். சில அட்டைகளும் ‘தூக்கம் வந்தால் ஓட்டாதீர்கள்’ என்றே எழுதியிருக்கின்றன. எனக்கு அந்த வாசகம் பிடிப்பதில்லை. மருந்து மந்தமாக்கிய மூளையிடமே தீர்ப்புக் கேட்கிற வேலை அது.

2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 40 பேரை வைத்து நடத்திய ஓர் ஆய்வு வெளியானது. கார் ஓட்டுவது போன்ற சிமுலேட்டரில் அவர்களை ஓட்டவிட்டார்கள். ஒரு தடவை டைஃபென்ஹைட்ரமின் 50 மில்லிகிராம். நம் ஊர் இருமல் டானிக்குகள் சிலவற்றிலும் உள்ள, குளோர்ஃபெனிரமைனுக்கு உறவான மருந்து இது. இன்னொரு தடவை மது, நம் சட்டம் வைத்திருக்கும் வரம்பைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு ரத்தத்தில் ஏறும் அளவுக்கு. முன்னால் போகும் வண்டியை அனுசரித்து ஓட்டுவதில் மதுவை விட மருந்துதான் மோசமாக இருந்தது. அதோடு, தூக்கமாக இருக்கிறது என்று அவர்கள் சொன்னதை வைத்து யார் மோசமாக ஓட்டுவார்கள் என்று சரியாகக் கணிக்க முடியவில்லை. ஃபெக்ஸோஃபெனடின் என்ற புதிய மருந்து கொடுத்தபோது, மருந்தே இல்லாத வெறும் மாத்திரை போட்டபோது ஓட்டியதைப் போலவே ஓட்டினார்கள்.

எனவே கொட்டாவிக்காகக் காத்திருக்க வேண்டாம். மருந்தின் பெயரையும் கடைசியாகப் போட்ட நேரத்தையும் வைத்து முன்னாலேயே முடிவு செய்துவிடுங்கள். பழக்கமில்லாத மாத்திரையின் முதல் வேளை, மறுநாள் வண்டியோ மெஷினோ தொடாத நாளாக இருக்கட்டும். மதுவும் தூக்க மாத்திரையும் இதோடு சேரவே கூடாது. நைட் ஷிஃப்ட்காரர்களுக்கு விடியற்காலை 3 மணி வாக்கில் உடம்பே தூக்கம் கேட்கும், அதன் மேல் மருந்தும் ஏறினால் இரட்டைச் சுமை. கல்யாண்-ஷில் ரோட்டில் பைக்கில் போகும்போது கடந்த சிக்னல் நினைவில் இல்லை என்றாலோ, மெஷினில் ஒரே அளவை இரண்டு முறை பார்க்க வேண்டியிருந்தாலோ, அப்போதே நிறுத்திவிடுங்கள். ஆனால் அதெல்லாம் காலம் கடந்து வரும் அடையாளங்கள்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவு மதுவை மட்டும் சொல்லவில்லை. வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்கு மருந்தின் பிடியில் இருப்பதையும் சொல்கிறது.

டாக்டரிடம் போனால் மூக்கொழுகலோடு உங்கள் வேலையையும் சொல்லுங்கள்: "டெம்போ ஓட்டுகிறேன்", "பிரஸ்ஸில் நிற்கிறேன்" என்று. அலர்ஜி மூக்கொழுகலாக இருந்தால் ஃபெக்ஸோஃபெனடின் போன்றதை எழுதித் தரலாம். செட்டிரிசின் பழைய மருந்துகளை விடத் தேவலை, ஆனாலும் சிலருக்குத் தூக்கம் தரும். சாதாரண ஜலதோஷம் என்றால் இந்த மருந்துகளால் பெரிய பலன் இல்லை. காய்ச்சலுக்குத் தனிப் பாராசிட்டமால் போதும், அது தூக்கம் தராது. வலிப்புக்கோ மனநலத்துக்கோ தினமும் மருந்து சாப்பிடுகிறவர்கள் மட்டும் இதைக் கேட்டுவிட்டுத் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. வேளையை மாற்ற முடியுமா, எத்தனை நாள் கழித்து வண்டி எடுக்கலாம் என்று எழுதிக் கொடுத்த டாக்டரிடமே கேளுங்கள்.