கண்டிராக்டு வேலையும் கூலிப் பேச்சும்
(ஏரியூரில் கூடிய நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மேட்டூர் நீர்த்தேக்கத்தின் கரையோரம் குடியிருக்கும் நம் குடும்பங்களில், ஐ.டி.ஐ. படித்து வெல்டராகவும் எலக்ட்ரீஷியனாகவும் வெளியூர் புறப்படும் பிள்ளைகள் பலர். அனல்மின் நிலையங்களில் கொதிகலன் பழுதுபார்க்கும் காலத்திலும், ஆலைகள் புதிதாக எழும்பும் காலத்திலும், இவர்களை வேலைக்கு அழைப்பவர் ஆலைக்காரர் அல்லர், கண்டிராக்டரே அழைக்கின்றார். அவருடன் பேசும் கூலிப் பேச்சைப் பற்றியே இன்று சில சொல்ல விரும்புகின்றோம்.

“தினம் 900 ரூபாய், எல்லாம் அடக்கம்” என்று ஒருவர் சொல்லுகின்றார். பையன் மகிழ்ந்து ரயிலேறுகின்றான். வேலையோ பன்னிரண்டு மணி நேரம். எட்டு மணிக்கு மேற்பட்ட நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்பது சட்டம். ஆதலின் மிகுதியான நான்கு மணியை எட்டாக எண்ணிப் பதினாறால் வகுத்தால், மணிக்கு 56 ரூபாய் 25 காசு ஆகின்றது; அதாவது எட்டு மணி நேரக் கூலி 450 ரூபாயே. மற்றொருவர், “எட்டு மணிக்கு 750 ரூபாய், ஓவர்டைம் தனி” என்றால், அதே பன்னிரண்டு மணிக்கு 1,500 ரூபாய் வரும். செவிக்குச் சிறியதாகப்பட்ட தொகை உண்மையில் பெரியது. பி.எப். பணத்தில் முதலாளி கட்ட வேண்டிய பங்கையும் இந்த “அடக்கத்தில்” சேர்த்துக் கழிப்பவர் உளர். அஃது கூலியிலிருந்து பிடிக்கத் தகாதது.

கொதிகலன் குழாய் வெல்டர்களுக்கு வேறொரு கணக்கும் உண்டு. அதனை “இன்ச்-டயா” என்பர். இரண்டு அங்குலக் குழாயில் ஒரு ஜாயிண்டு போட்டால் இரண்டு இன்ச்-டயா. நம்மூர் வாலிபர் ஒருவர், வடக்கே ஓர் ஆலையில், இன்ச்-டயாவுக்கு 70 ரூபாய் என்று ஒப்புக்கொண்டார். நாளைக்குப் பத்து ஜாயிண்டு போடும் கைத்தேர்ச்சி அவருக்குண்டு. நாளைக்கு 1,400 ரூபாய் என்று மனத்தில் கணக்கிட்டிருந்தார். அங்கே இருந்த 26 நாளில், சாரம் கட்டவில்லை, ஃபிட்டர் குழாயைப் பொருத்தவில்லை என்று 11 நாள் சும்மா உட்கார நேர்ந்தது. மீதி 15 நாளைக்கு 21,000 ரூபாய். பின்னர், எக்ஸ்-ரேயில் 12 ஜாயிண்டு தேறவில்லை என்று சொல்லி 1,680 ரூபாய் பிடித்தார்கள். எஞ்சிய 19,320 ரூபாயை 26 நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 743 ரூபாய். சாப்பாட்டுச் செலவு வேறு.

அந்த 12 ஜாயிண்டு தவறியது யாரால்? இது கேட்கத் தக்க கேள்வி. ஈரம் ஏறிய 7018 ராடுகளைச் சூட்டடுப்பில் உலர்த்தாமல் கொடுத்தால், பற்றில் காற்றுக்குமிழிகள் விழும். குழாய்களின் இடைவெளி குறுகப் பொருத்தியிருந்தால் அடிப்பற்று இறங்காது. முன்னது ராடு கொடுப்பவர் குறை. பின்னது ஃபிட்டரின் குறை. படச்சுருளின் அறிக்கையில் குறையின் வகை எழுதப்பட்டிருக்கும். ஆனால் நம் வாலிபர் அதைக் காட்டும்படி கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே அவருக்குத் தெரியாது. ஆகையால் இன்ச்-டயா பேசுவோர், சும்மா இருக்கும் நாளுக்கு என்ன கூலி, ரிப்பேர் ஜாயிண்டை எந்த அறிக்கையைப் பார்த்துப் பிடிப்பீர் என்னும் இரண்டையும் முன்னதாகவே எழுத்தில் பெறுதல் வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வரியும் எழுத்தே.

இனி, கண்டிராக்டர் பணம் தராமல் மறைந்துவிட்டால் என் செய்வது? 1970ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே, அப்பொறுப்பு வேலை கொடுத்த மூல ஆலையைச் சாரும் என்றிருந்தது. 2025 நவம்பர் 21ஆம் தேதி நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அதனைக் கைவிடவில்லை. வேலையை விட்டவருக்கு இரண்டு வேலைநாளுக்குள் கணக்குத் தீர்க்க வேண்டும் என்றும் ஊதியத் தொகுப்பு கூறுகின்றது. ஆயினும், அந்த ஆலையில் வேலை செய்ததை நாமே காட்டவேண்டும். பலர் வெறுங்கையுடன் திரும்புகின்றார்கள். ஏனெனில் கேட் பாஸை வெளியேறும்போது திருப்பிக் கொடுத்துவிடுகின்றார்கள், பிரதி எடுப்பதில்லை. கேட் பாஸ், வருகைப் பட்டியல், கூலிச் சீட்டு ஆகியவற்றைச் செல்போனில் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பிவைத்தால் போதும். நியமனக் கடிதம் கேட்பதும் உரிமையே.

சான்றுகளைப் பற்றி ஒரு சொல். தேர்ச்சிச் சோதனையில் தேறிய வெல்டரின் சான்று சில கண்டிராக்டர்களிடமே தங்கிவிடுகின்றது. மறுவேலைக்குப் போகும்போது மீண்டும் சோதனைத் துண்டு போட நேர்கின்றது. எலக்ட்ரீஷியன்களுக்கு இதனினும் விபரீதம் உண்டு. மின் கண்டிராக்டு உரிமம் பெற, தகுதிச் சான்றுடைய ஒயர்மேன்களைக் காட்டவேண்டியிருத்தலால், வேலை தருவதாகச் சொல்லி மூலச் சான்றை வாங்கி, உரிமத்துக்குக் கணக்குக் காட்டிவிட்டு, பையனை வெளியே நிறுத்துவோர் இருக்கின்றனர். எனவே மூலத்தைக் காட்டிவிட்டுக் கையிலேயே திருப்பிப் பெறுக. பிரதியின்மேல் எந்த வேலைக்காக, எந்தத் தேதியில் தந்தது என்று எழுதிக் கொடுக்க.

அழைக்கும் கண்டிராக்டர் எப்படிப்பட்டவர் என்று அறிய, அவரிடம் இப்போது வேலை செய்பவரைக் கேட்பதினும், முன்னர் விட்டு வந்தவரைக் கேட்பதே நலம். கடைசி மாதக் கூலி கைக்கு எத்தனை நாளில் வந்தது என்று கேளுங்கள். இத்தகைய செய்திகளைத் தெரிந்தவர்கள் இன்று கூட்டம் கலையுமுன் நம் காரியதரிசியிடம் சொல்லிச் செல்லுங்கள். அடுத்த மாதம் புறப்படுவோர் மூவர் பின்வரிசையில் அமர்ந்திருக்கின்றனர்.