அமுச்சி நீவிவிடும் கால்



பல்லடம் பக்கத்துக் கிராமமொன்றில், வீடு அடங்கி எல்லோரும் கண்ணயரும் பத்துமணி வேளையில், ஐந்து வயதுப் பையன் ஒருவன் "அமுச்சி, காலு கொடையுது" என்று அழுதுகொண்டே எழுந்து உட்காருகிறான் என்று வைத்துக்கொள்வோம். கிழவி விளக்கெண்ணெயை உள்ளங்கையில் சூடுபறக்கத் தேய்த்து, "வளர்ற காலு கொடையத்தான் செய்யும் சாமி" என்று இரு கெண்டைக்கால்களையும் நீவிவிட, அரைமணி நேரத்திற்குள் அவன் உறங்கிப்போகிறான்; விடிந்ததும் திண்ணையிலிருந்து குதித்து ஓடுகிறான். இராத்திரி கண்விழித்த தாய்க்கோ, அது நிஜமான வலிதானா, பாசாங்கா என்ற சந்தேகமே வந்துவிடுகிறது.

வலி நிஜம், காரணம்தான் இன்னும் தெளிவாகவில்லை. 1823-ஆம் ஆண்டில் டுஷாம்ப் என்ற பிரெஞ்சு வைத்தியர் இதனை வளர்ச்சியோடு சம்பந்தப்படுத்தி எழுதியது முதல் 'வளர்ச்சி வலி' என்ற நாமம் நிலைத்துவிட்டது. ஆனால் குழந்தை அதிவேகமாக வளர்வது பிறந்த முதலாண்டிலும் பின்னர் பருவ வயதிலும்தான். இந்த வலியோ அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட, ஏறக்குறைய மூன்று முதல் பன்னிரண்டு வயதில் வருவது. ஓடியாடிய பகலுக்குப் பின்வரும் இரவுகளில் இது அதிகம் என்று தாய்மார்கள் கூறுவதுண்டு. ஆகவே கிழவி சொன்ன காரணம் பொருந்தாது என்றாலும், அவள் செய்த சிகிச்சை சரியானதே.

வலி இரவில் வந்தாலும் அதன் சுபாவத்தைக் காட்டிக்கொடுப்பது காலைப்பொழுதுதான். சாதாரண வலியுள்ள குழந்தை எழுந்தவுடன் நொண்டாது. ஓட்டத்தில், ஆட்டத்தில் குறைவிராது. வலி இரு கால்களிலும், அல்லது ஒருநாள் இதிலும் ஒருநாள் அதிலுமாக, தொடையிலோ கெண்டைக்காலிலோ முழங்காலின் பின்புறத்திலோ, மூட்டுக்குள் அல்லாமல் சதையில் இருக்கும். சில நாட்கள் வந்து, சில வாரங்கள் மறைந்து, மீண்டும் வரும். இன்னொரு லட்சணம் கையிலேயே தெரியும்: நீவும் கைக்குக் குழந்தை காலை நீட்டிக் கொடுக்கும். இவையெல்லாம் பொருந்தி, வைத்தியர் தொட்டுப் பார்த்ததிலும் குறையில்லையென்றால் எக்ஸ்-ரேயும் ரத்தப் பரிசோதனையும் அவசியமில்லை.

அதே தெருவில் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி இருப்பதாகக் கொள்வோம். அவளுக்கும் இராத்திரியில்தான் வலி. ஆனால் வலது முழங்காலுக்குக் கீழே ஒரே இடத்தில். அங்கே கை பட்டால் காலை இழுத்துக்கொள்கிறாள். காலையில் நொண்டுகிறாள், முன்பு தானே ஓடிய பெண், 'தூக்கு' என்று கை நீட்டுகிறாள். உதடு வெளுத்திருக்கிறது, மாலையில் தேகம் சுடுகிறது, அடிபடாமலேயே கால்களில் நீலத்தடிப்புகள். இதனை நீவிவிட்டு ஆற்றக்கூடாது. அன்றைக்கே வைத்தியரிடம் காட்டவேண்டும். ஏனெனில் ரத்தப் புற்றுநோயில் எலும்பு மஜ்ஜை நோயணுக்களால் நெருங்கி நிறைவதால் எலும்பு வலிப்பதுண்டு. முதற்கட்டப் பரிசோதனையும் எளிது: ரத்த அணுக்களின் எண்ணிக்கையும், ரத்தத் துளியை நுண்ணோக்கியில் பார்ப்பதும். ஆரம்பத்தில் எண்ணிக்கை பெரிதும் பிசகாமலே இருப்பதும் உண்டு. ஆகையால் 'எல்லாம் சரி' என்று ஒரு சீட்டு வந்த பிறகும் நொண்டலும் காய்ச்சலும் நிற்கவில்லையென்றால், மறுபடியும் போகத்தான் வேண்டும். காலையில் மூட்டு விறைத்து, வீங்கி, பொழுது ஏறஏற இளகுவது வேறொரு வியாதி, மூட்டழற்சி. அதற்கும் கவனிப்பு உடனே வேண்டும். காய்ச்சலோடு காலை ஊன்றவே மறுத்தால், எலும்பிலோ மூட்டிலோ சீழ் பிடித்திருக்கலாம். விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குப் போகவேண்டிய நிலை அது.

நீவியும், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தும் தீராத சாதாரண வலிக்குப் பாரசிட்டமால் போதும். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடாது. கிலோ ஒன்றுக்கு 15 மில்லிகிராம் என்பது ஒரு வேளை அளவு. பதினாறு கிலோ குழந்தைக்கு 240 மில்லிகிராம். இங்கேதான் பிசகு நேர்கிறது: சில சிரப்புகளில் 5 மில்லியில் 120 மில்லிகிராமும், சிலவற்றில் 250 மில்லிகிராமும் இருக்கின்றன. முன்னதில் 10 மில்லி கொடுத்துப் பழகிய கை, பின்னதிலும் 10 மில்லியே ஊற்றினால் அளவு இரட்டிப்பாகிவிடும். குப்பியின் சீட்டைப் படித்தபின் ஊற்றுங்கள். ஒவ்வோர் இரவும் மருந்து தேவைப்பட்டால், அதுவே வைத்தியரிடம் போவதற்குப் போதிய காரணம்.

சந்தேகமாக இருப்பவர்களுக்கு ஒரு சிறு உபாயம். அடுத்தமுறை குழந்தை அழும்போது, 'ஒரு விரலால் காட்டு கண்ணு' என்று கேட்டு, காட்டிய இடத்தில் பேனாவால் ஒரு வட்டமிட்டு வையுங்கள். மறு இரவு விரல் வேறெங்கோ போனால், அல்லது உள்ளங்கை முழுவதும் தொடைமேல் பரவினால், எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கலாம். விரல் அந்த வட்டத்துக்குள்ளேயே வந்து நின்றால், வட்டத்தை அழிக்காமல் அப்படியே குழந்தையை வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.