நம்பர் ஒத்துப்போனால் போதுமா?

அவிநாசி, திருப்பூர் பக்கம் பழைய பைக் வாங்கப் போகிறவர்கள் கன்சல்டிங் கடையில் முதலில் ஆர்.சி. புத்தகத்தைக் கையில் வாங்கி, வண்டியில் உள்ள எண்ணோடு சரிபார்ப்பார்கள். "எல்லாம் டேலி ஆகுதுங்கண்ணா" என்று கடைக்காரர் சொன்னதும் பணம் கைமாறிவிடும். அந்த இடத்தில் இன்னும் பத்து நிமிடம் நிற்கச் சொல்லத்தான் இந்த உரை. திறமையாகத் திருடுகிறவன் முதலில் சரிசெய்வதே அந்த டேலியைத்தான்.

அது எப்படி நடக்கிறது? விபத்தில் நொறுங்கிய வண்டி ஒன்றைக் காயலான் விலைக்கு, ஆர்.சி.யோடு வாங்குகிறார்கள். அதே மாடல், அதே நிறத்தில் ஒரு நல்ல வண்டியைத் திருடுகிறார்கள். அதன் சேஸிஸ் எண்ணை ராவிவிட்டு, நொறுங்கிய வண்டியின் எண்ணை அடிக்கிறார்கள். இப்போது ஆர்.சி. அசல், எண்ணும் அதே எண். வாகனப் பதிவு ஆப்பில் தேடினாலும் குறை தெரியாது. உத்தரப் பிரதேசத்தின் மீரட்டில், 2021 டிசம்பரில் காவல்துறை மூடவைத்த சோதிகஞ்ச் பழைய உதிரிபாகச் சந்தையின் மீதும் இந்த ஆள்மாறாட்டக் குற்றச்சாட்டு இருந்தது. ஆகவே காகிதம் சரியாக இருக்கும்போதுதான் இரும்பை உற்றுப் பார்க்க வேண்டும்.

2019 மாடல் ஹீரோ பைக் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஹேண்டில்பாரை இடப்பக்கம் திருப்பினால், முன்ஃபோர்க்கைத் தாங்கும் குழாயின் வலப்பக்கத்தில் சேஸிஸ் எண் தெரியும். மொத்தம் 17 எழுத்தும் இலக்கமும். ஹீரோ வண்டிக்கு அது எம்.பி.எல். என்று தொடங்கும். பத்தாவது இடத்தில் பொதுவாக உற்பத்தி ஆண்டின் எழுத்து வரும். 2018க்கு ஜே, 2019க்கு கே. டிசம்பரில் தயாரான வண்டி ஜனவரியில் பதிவாகியிருக்கலாம் என்பதால் ஒரு வருட வித்தியாசம் குற்றமல்ல. நாலு வருடம் வித்தியாசம் என்றால் கேள்வி கேளுங்கள். ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகள் இந்த 17க்குள் வரவே கூடாது. ஒன்றும் சுழியமும் என்று குழம்பிவிடும் என்பதால் உலக அளவிலேயே அவற்றை விலக்கிவிட்டார்கள். இன்ஜின் எண்ணுக்கு இந்த விதி கிடையாது.

அடுத்து பென்சில் அச்சு. ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு எடுப்பார்களே, அதேதான். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அழுக்கைத் துடையுங்கள். உப்புத்தாள் போடாதீர்கள், தடயமே அழிந்துவிடும். மெல்லிய வெள்ளைத்தாளை எண்ணின் மேல் அழுத்திப் பிடித்து, பென்சில் முனையைச் சாய்த்துத் தேயுங்கள். கண்ணுக்குத் தெரியாதது தாளில் தெரியும். கம்பெனி அடித்த எண்கள் ஒரே உயரம், ஒரே ஆழம், ஒரே வரிசையில் நிற்கும். பட்டறையில் சுத்தியால் அடித்தவை ஏறியிறங்கி நிற்கும். ராவிய இடம் சற்றுப் பள்ளமாகி, அரத்தின் கோடுகள் தாளில் விழும். 3-ஐ 8 ஆக்குவதும் 1-ஐ 4 ஆக்குவதும் எளிது என்பதால் அந்த இலக்கங்களைக் கூடுதலாகக் கவனியுங்கள்; பழைய கோடு ஆழமாகவும் சேர்த்த கோடு மெலிதாகவும் இருக்கும். குழாயில் அந்த ஒரு சாண் இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் இருந்தாலோ, சுற்றிலும் வெல்டிங் தழும்பு இருந்தாலோ, அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

இன்ஜின் எண் மட்டும் ஒத்துப்போகவில்லை என்றால் உடனே திருட்டு என்று முடிவுகட்ட வேண்டாம். இன்ஜின் சீஸாகி மாற்றியிருக்கலாம். ஆனால் மாற்றியவர் அதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிந்து, ஆர்.சி.யில் ஏற்றியிருக்க வேண்டும். ஏற்றாத வண்டியை, "அப்புறம் மாத்திக்கலாங்க" என்ற பேச்சை நம்பி வாங்காதீர்கள்.

சந்தேகம் வந்தால் ஆர்.சி.யில் உள்ள எண்களைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையச் சேவையில் போட்டுப் பாருங்கள். திருட்டு வழக்குப் பதிவான வண்டியா என்று சொல்லும். எண்ணையே மாற்றிய வண்டிக்கு இது உதவாது. மாற்றிய எண்ணின் மேல் எந்த வழக்கும் இருக்காதே.

அப்படிப்பட்ட வண்டி காவல்துறையிடம் சிக்கினால் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போகும். எண்ணை அடிக்கும்போது அந்த அடி கண்ணுக்குத் தெரியும் பள்ளத்தோடு நிற்பதில்லை, அதற்குக் கீழேயும் இரும்பு நசுங்கியிருக்கும். மேற்பரப்பை வழவழப்பாக்கி, காப்பர் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலைத் தடவினால், நசுங்கிய இரும்பும் நசுங்காத இரும்பும் வேறு வேறு விதமாக அரிக்கப்பட்டு, பழைய எண் நிழல் போல எழும்பி வரும். நசுங்கிய ஆழத்தையும் தாண்டி ராவியிருந்தாலோ, துண்டையே வெட்டி வேறு துண்டு வைத்திருந்தாலோ எதுவும் வராது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 55(5)-இன்படி, வண்டியில் உள்ள எண்ணும் ஆர்.சி.யில் உள்ள எண்ணும் வேறுபட்டால், உரிமையாளரின் விளக்கத்தைக் கேட்டபின் பதிவை ரத்து செய்ய வேண்டும். திருட்டு வண்டி என்று உறுதியானால், நீங்கள் முழு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் அது தொலைத்தவருக்கே திரும்பும். இழப்பீடு ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி உரிமை கேட்கும். உங்கள் பணத்தை விற்றவரிடம்தான் கேட்க முடியும். அதற்கு அவர் கையெழுத்திட்ட ரசீது, படிவம் 29, 30-இன் நகல், வங்கி வழியாகப் பணம் கொடுத்த சான்று மூன்றும் உங்கள் கையில் இருக்க வேண்டும். வாங்கிய அன்று எடுத்த பென்சில் அச்சையும் அவற்றோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.