ரப்பர் மேல நிக்கிற கட்டடம்: 2.5 நொடிக் கணக்கு

2001 நிலநடுக்கத்தில் இடிந்த பூஜ் மருத்துவமனையைத் திரும்பக் கட்டினப்போ, அடியில ரப்பர் பேரிங் வெச்சாங்க. அந்த மாதிரி பேரிங்கோட அளவை எப்படி முடிவு பண்றது?

ஒரு கட்டடம் 4,000 டன், 20 தூண்னு வெச்சுக்கலாம். தூணுக்கு 200 டன். சின்ன மாடிக் கட்டடம் ஒரு தடவை ஆடி முடிக்க அரை நொடி ஆகும். நிலநடுக்கத்தோட பலமான அதிர்வும் பெரும்பாலும் அந்தத் தாளத்துலதான் வரும். அதனால அதை 2.5 நொடிக்கு இழுக்கணும்.

```
K = 4π²M/T²
```

இதுல போட்டா, பேரிங்கை ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் தள்ள சுமார் 1,260 நியூட்டன் விசை வேணும். அதுதான் நமக்கு வேண்டிய விறைப்பு.

```
K = GA/t
```

G 0.6 மெகாபாஸ்கல், விட்டம் 700 மி.மீ.னா, ரப்பர் அடுக்குகளோட மொத்தத் தடிமன் சுமார் 183 மி.மீ.

ஒண்ணு கவனிங்க: ரப்பர் சின்ன அசைவுல விறைப்பா இருக்கும், பெரிய அசைவுல இளகும். அதனால G-ஐ நாம எதிர்பார்க்கிற நகர்வுல, உதாரணமா 250 மி.மீ.ல, சோதிச்சு எடுக்கணும். 'எஃபெக்டிவ்' காலம்னு சொல்றது இதனாலதான்.

சரி, 5 நொடி வெச்சா இன்னும் பாதுகாப்பா? விறைப்பு நாலில் ஒண்ணாகணும். அதே விட்டத்துல ரப்பர் 730 மி.மீ. உயரம் வரும். 200 டன் சுமையோட பக்கவாட்டில் நகரும்போது அது மடங்கிச் சாய்ஞ்சிடும்.