தண்ணீர் ஊற்றிய கையோடு அளக்காதீர்கள்

(கீரனூரில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

கடந்த மார்ச்சில் எங்கள் பள்ளி இன்வெர்ட்டர் இருபதே நிமிடத்தில் நின்றுவிட்டது. 12 வோல்ட் டியூபுலர் பேட்டரி, ஆறு செல்கள். மூடியைத் திறந்தால் தகடுகளுக்கு மேல் நீரே இல்லை. டிஸ்டில்டு வாட்டரைக் குறி வரை ஊற்றி, உடனே ஹைட்ரோமீட்டரால் அளந்தேன். எல்லா செல்லிலும் 1.150 அளவில்தான் காட்டியது. பார்க்க வந்தவர், "ஆசிட் ஊத்துங்க சார், இல்லேன்னா புதுசு வாங்குங்க" என்றார்.

இரண்டுமே தேவைப்படவில்லை. பிழை பேட்டரியில் மட்டுமல்ல, நான் அளந்த நேரத்திலும் இருந்தது.

பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்கும்போது அமிலம் தகடுகளில் காரீய சல்பேட்டாகச் சேர்கிறது. திரவத்தின் அடர்த்தி குறைகிறது. சார்ஜ் ஏற்றினால் அமிலம் திரும்புகிறது. அதனால்தான் ஒப்படர்த்தியை வைத்து சார்ஜை அறிகிறோம். டியூபுலர் பேட்டரியில் 27 டிகிரி செல்சியஸில் 1.240 என்றால் முழு சார்ஜ்; 1.180 என்றால் ஏறக்குறைய பாதி. கார் பேட்டரிக்கு முழு அளவு இதைவிடக் கூடுதல்.

காலப்போக்கில் குறைவது நீர் மட்டுமே. சார்ஜ் ஏறும்போது நீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் வெளியேறுகிறது. அமிலம் உள்ளேயே தங்குகிறது. ஆகவே அமிலம் சேர்த்தால் தகடுகள்தான் கெடும். போர் தண்ணீரும் கூடாது. அதிலுள்ள உப்புகள் உள்ளேயே தங்கிவிடும். கேன் தண்ணீரும் இதற்கு ஈடாகாது.

புதிதாக ஊற்றிய நீர் லேசானது, மேலேயே நிற்கும். ஹைட்ரோமீட்டர் உறிஞ்சியதும் அந்த மேல் நீரைத்தான். இரவு முழுவதும் சார்ஜ் ஏற்றினேன். எழுந்த குமிழிகள் திரவத்தைக் கலக்கின. ஆனால் திரவம் விரிந்து ஒரு செல்லில் வழிந்துவிட்டது. தகடு வெளியே தெரிந்தால், அது மூழ்கும் அளவுக்கு மட்டும் முதலில் ஊற்ற வேண்டும். சார்ஜ் ஏறிய பிறகே குறி வரை நிரப்ப வேண்டும்.

சார்ஜரை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து மீண்டும் அளந்தேன். ஐந்து செல்களில் 1.235. திரவத்தின் வெப்பநிலை 37 டிகிரி. பத்து டிகிரிக்கு 0.007 கூட்டினால் 1.242. மூன்றாவது செல் மட்டும் 1.200. செல்களுக்குள் 0.050-க்கு மேல் வித்தியாசம் நீடித்தால் அந்த செல் பழுதாகியிருக்கலாம். இங்கே வித்தியாசம் 0.035 தான். இன்னொரு நாள் சார்ஜ் ஏற்றியதும் அந்த செல் 1.225-க்கு வந்தது. இப்போது மாதம் ஒருமுறை ஆறு செல்லையும் அளந்து எழுதி வைக்கிறோம். இறங்கினால் முதலில் தெரிவது அந்த மூன்றாவது செல்லில்தான்.

அளக்கும்போது மிதவை குழாயின் பக்கத்தைத் தொடாமல் மிதக்கட்டும்; கண்ணை அதன் மட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். எடுத்த திரவத்தை அதே செல்லில் விடுங்கள். ரப்பர் கையுறை, கண்ணாடி அவசியம். அருகில் நெருப்பு கூடாது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாய்மங்கள் பாடத்தில் ஹைட்ரோமீட்டரைக் காட்ட உப்பு நீரே போதும். பேட்டரியை நாம் அளப்போம். அவர்கள் எட்ட நின்று அளவைக் குறிக்கட்டும்.