அம்மம்மாவின் குரலிலிருந்து ஒரு சிறு நூல்



88 வயதான என் அம்மம்மாவிடம் கதை கேட்டு மூன்று மணித்தியாலம் ஒலிப்பதிவு செய்தேன். எழுத்தில் ஏற்றியபோது ஏறக்குறைய 60 பக்கம் வந்தது. அச்சிட நினைத்ததோ நடுவில் கம்பி குத்திய 24 பக்கச் சிறு நூல்.

நோயாளி சொல்லும் கதையை நாங்கள் அவர் சொன்ன ஒழுங்கில் எழுதுவதில்லை. எது முந்தி, எது பிந்தி என்று காலப்படி அடுக்குவோம். ஆனால் அவரை எங்களிடம் கொண்டுவந்த முறைப்பாட்டை அவருடைய வார்த்தையிலேயே எழுதுவோம். இங்கும் அதையே செய்தேன்.

முதியவர்கள் ஒரே சம்பவத்தைப் பலமுறை சொல்வார்கள். 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமத்தை விட்டு வெளியேறிய கதை எங்கள் பதிவில் மூன்று இடங்களில் வந்தது. உங்களில் பலர் அந்த வீதியில் நடந்தவர்கள். பெற்றோருடன் நானும் நடந்தேன். மூன்றில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டுவது சுலபம். நான் மூன்றையும் வெட்டி, ஒரு மேசையில் பக்கத்துக்குப் பக்கம் வைத்தேன். முதலாவதில் "விடிய முந்தி நாவற்குழிப் பாலம் தாண்டிட்டம்" என்கிறார். மாட்டைப் பற்றிப் பேசும் இடத்திலோ "பாலத்தடிக்கு வர மத்தியானம்" என்கிறார்.

மறதி என்று ஒன்றைத் தள்ளிவிடலாம். ஆனால் இரண்டு இடத்திலும் அவர் சொன்னது "நாங்கள்". யார் அந்த நாங்கள் என்று திரும்பப் போய்க் கேட்டேன். சின்னம்மாவோடும் சித்தியின் குழந்தையோடும் அம்மம்மா இரவே பாலம் தாண்டியிருக்கிறார். மாட்டை விட்டுவர மனமில்லாத அம்மப்பா அடுத்த நாள் மத்தியானம் வந்திருக்கிறார். சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில், அவர் உயிரோடு இருக்கிறாரோ என்று தெரியாமல் அம்மம்மா அரைநாள் இருந்த விஷயம் எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. இப்போது அது நூலில் இரண்டு பக்கம். முழுமையாகச் சொன்ன கதையை முதுகெலும்பாக வைத்து, மற்ற இரண்டிலும் இருந்த விபரங்களை அவை நடந்த இடத்தில் சேர்த்தேன். என் கேள்விகளை எடுத்துவிட்டேன். ஒரு கேள்வி இல்லாமல் பதில் விளங்காத இடத்தில் மட்டும் விட்டேன்.

மொழியில் ஒரு சிக்கல். முழுவதையும் எழுத்துத் தமிழாக்கினால் அது அம்மம்மாவின் பேச்சாக இராது. உச்சரித்தபடியே எழுதினால் ரொறன்ரோவில் வளரும் பிள்ளைகள் இரண்டு வரியில் மூடிவிடுவார்கள். ஆகவே "போனனாங்கள்", "வந்தவை", படலை, குசினி எல்லாம் அப்படியே நின்றன. விழுங்கிய எழுத்துகளை மட்டும் நிரப்பினேன். ஒரே வசனத்தில் நாலு தரம் வந்த "பிறகு பார்" மூன்று போயிற்று.

அச்சுக்குக் கொடுக்கமுன் முழுவதையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். கண் தெரியாவிட்டாலும் காது கூர்மை. சீதனக் காணி பற்றிய அரைப் பக்கத்தில் கையை உயர்த்தினார். "இதை எழுதாதை, பிள்ளை. ரேப்பிலை கிடக்கட்டும். நான் போனாப்பிறகு கேக்கிறவை கேக்கட்டும்."

எடுத்துவிட்டோம். ஒலிப்பதிவின் ஒரு பிரதி என்னிடமும் மற்றது கனடாவில் மாமாவிடமும் இருக்கிறது.