போஸ்டர் மூலையில் ஒரு க்யூஆர் கோடு

கருத்தரங்குகளில் ஆய்வு போஸ்டர் வைப்பவர்கள் இப்போது மூலையில் ஒரு க்யூஆர் கோடும் சேர்க்கிறார்கள். முழுக் கட்டுரையும் தரவு அட்டவணைகளும் அந்த இணைப்பில் கிடைக்கும். நான் மிகவும் மதிக்கும் வழக்கம் இது. எல்லாவற்றையும் ஒரே தாளில் திணிக்க வேண்டிய கட்டாயம் போய்விடுகிறது. ஆனால் பல போஸ்டர்களின் முன்னால் பார்வையாளர் கைபேசியை நீட்டிப் பார்த்துவிட்டு, ஸ்கேன் ஆகாமல் நகர்ந்துவிடுகிறார்.

கோடு மொத்தம் எத்தனை அங்குலம் என்பது கைபேசிக்குப் பொருட்டில்லை. உள்ளே இருக்கும் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் தனித்தனியாகத் தெரிய வேண்டும். முகவரி நீள நீளக் கட்டங்கள் பெருகும். நடுத்தரப் பிழைதிருத்த நிலையில், 26 எழுத்துக்குள் அடங்கும் முகவரிக்குப் பக்கத்துக்கு 25 கட்டங்கள் போதும். 150 எழுத்து முகவரிக்கு 49 வேண்டும். இரண்டையும் 5 சென்டிமீட்டரில் அச்சிட்டால், முதலாவதில் ஒரு கட்டம் 2 மில்லிமீட்டர். இரண்டாவதில் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான்.

தூரத்தில் பத்தில் ஒரு பங்கு அகலம் வேண்டும் என்று அச்சுத் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. போஸ்டருக்கு முன் ஒரு மீட்டரில் நிற்பவருக்கு 10 சென்டிமீட்டர். இது 25 கட்டக் கோட்டுக்கு ஒத்துவரும். 49 கட்டம் என்றால் அதே தூரத்துக்கு 20 சென்டிமீட்டர் ஆகிவிடும். போஸ்டரில் அவ்வளவு இடத்தை யார் விடுவார்கள்? ஆகவே கோட்டைப் பெரிதாக்கும் முன் முகவரியைச் சுருக்குங்கள். கல்லூரியின் சொந்தத் தளத்தில் சின்னதாக ஒரு பக்கம் கேட்டு வாங்கினால் நல்லது. இலவசச் சுருக்கி நிறுவனம் மூடப்பட்டால் அச்சிட்ட கோடும் செத்துவிடும்.

இன்னொன்று, ஓரத்து வெள்ளை. நான்கு பக்கமும் நான்கு கட்ட அகலம் வெறுமையாக இருந்தால்தான் கோடு எங்கே தொடங்குகிறது என்று கேமரா கண்டுகொள்ளும். நமது 10 சென்டிமீட்டர் கோட்டில் அது பக்கத்துக்கு 16 மில்லிமீட்டர். வடிவமைப்பாளர்கள் அழகுக்காக முதலில் வெட்டுவது இதைத்தான்; அங்கே விட்டுக்கொடுக்காதீர்கள். திரையிலிருந்து பிடித்த படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் கட்ட விளிம்பு மங்கும். எஸ்விஜி கோப்பாகக் கொடுங்கள். பளபளக்கும் லேமினேஷனும் வேண்டாம். விளக்கொளி அதில் பட்டுக் கண்ணைப் பறிக்கும்.

போஸ்டரை அச்சுக்கு அனுப்பும் முன், கோட்டை மட்டும் உண்மை அளவில் ஒரு ஏ4 தாளில் எடுத்து, நெஞ்சுயரத்தில் சுவரில் ஒட்டுங்கள். கொஞ்சம் பழைய கைபேசி வைத்திருக்கும் நண்பரை ஒரு மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். கோடு ஸ்கேன் ஆனாலும் கோப்பு திறக்கிறதா என்று பாருங்கள். அனுமதி கேட்டால், பகிர்வு அமைப்பை மாற்றிவிட்டு அவரையே மறுபடி முயலச் சொல்லுங்கள். உங்கள் கைபேசியில் பார்த்தால் அது தெரியாது. அதில் நீங்கள் ஏற்கெனவே உள்நுழைந்திருப்பீர்கள்.